பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

கிரைண்டரை 11-இல் வைத்தால் காப்பி கசந்தது. 12-இல் வைத்தால் புளித்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டில் ஒரு சனிக்கிழமை காலை முழுவதும் எனக்கு இந்த இரண்டு எண்களுக்கு நடுவிலேயே கழிந்தது.

என்னிடம் இருப்பது கையால் சுற்றும் கிரைண்டர். காகித ஃபில்டரில் ஊற்றிக் குடிப்பதற்காக மூன்று வருடமாகச் சுற்றுகிறேன், அதைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. சின்னதாக ஓர் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை பிடித்தது. 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காப்பி, சுமார் 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும் என்பது பொதுவாக எல்லோரும் தொடங்கும் கணக்கு. என் கிரைண்டரில் 12-ஆம் கிளிக்கில் அது 19 விநாடியில் ஓடிவிட்டது. ஒரே ஒரு கிளிக் இறுக்கி 11-இல் வைத்தால் 35 விநாடி. நடுவில் நிறுத்த இடமே இல்லை.

கிரைண்டரைக் கழற்றிப் பார்த்தால் காரணம் தெரியும். வெளியே ஒரு பல் வளையம், உள்ளே சுழலும் ஒரு பல் கூம்பு. கடைக்காரர்கள் இவற்றை 'பர்' என்பார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள சந்துதான் தூளின் அளவைத் தீர்மானிக்கிறது. அடியில் இருக்கும் திருகைச் சுற்றினால் கூம்பு மேலேறும், சந்து குறுகும். என் கிரைண்டரில் திருகை ஒரு முழுச் சுற்று சுற்றினால் கூம்பு முக்கால் மில்லிமீட்டர் நகர்கிறது. அந்த ஒரு சுற்றில் 30 பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குண்டு 'டிக்' என்று விழுந்து உட்காரும். ஆக, ஒரு கிளிக்குக்கு 25 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. கூம்பு சரிவாக இருப்பதால் சந்து அந்த 25 மைக்ரானும் குறைவதில்லை, அதில் ஒரு பகுதிதான் குறையும். விளம்பரத்தில் போடும் 'ஒரு கிளிக்குக்கு இத்தனை மைக்ரான்' என்பது கூம்பின் நகர்வு. தூள் அதே அளவு பொடியாகும் என்று படித்துவிடக் கூடாது.

இவ்வளவு சிறிய நகர்வுக்கு 16 விநாடி வித்தியாசமா?

இங்கே அம்மாவின் பித்தளை ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். தூள் கொஞ்சம் நைசாகிவிட்டால் "டிகாஷன் இறங்க மாட்டேங்குது" என்று ஃபில்டரின் மண்டையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அம்மா வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். அரைமணி நேரத்தில் இறங்க வேண்டியது முக்கால் மணி நேரத்தில் இறங்கும், குடி ஒன்றும் மூழ்கிவிடாது. காகித ஃபில்டரும் இதே ஜாதிதான். தண்ணீர் தன் எடையால் மட்டுமே கீழே இறங்குகிறது. வேகத்தை முடிவு செய்வதில் தூளுக்குப் பங்கு உண்டு என்றாலும், காகிதத்துக்கும் நான் கெட்டிலைச் சாய்க்கும் கைக்கும் பங்கு இருக்கிறது. 15 கிராம் தூளுக்கு 250 கிராம் தண்ணீர் ஊற்றும்போது, 22-ஆம் கிளிக்கில் 2 நிமிடம் 50 விநாடி. 23-இல் ஏழெட்டு விநாடி குறைந்தது. நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கை நடுக்கமே அதைவிடப் பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கும்.

எஸ்பிரெஸ்ஸோவில் மெஷின் ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளுகிறது. 90 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு தண்ணீர்த் தூண் தலைமேல் நிற்பதற்குச் சமம் அது. பத்துமலை முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர், அதைப் போல் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். காகித ஃபில்டரில் தூளின் மேல் நிற்பது ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டாலும், அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டாயிரம் மடங்கு கூடிவிடுகிறது. இவ்வளவு வேகமாக வரும் தண்ணீரைத் தடுத்து நிறுத்த அங்கே வேறு எதுவும் கிடையாது. அடியில் இருக்கும் சல்லடையில் ஓட்டைகள் தாராளம். அழுத்தி வைத்த இரண்டு சென்டிமீட்டர் தூள் வில்லைதான் குழாய்த் திருகு. அதாவது, ஃபில்டரில் தூள் வெறும் சரக்கு. எஸ்பிரெஸ்ஸோவில் அதுவே சரக்கு, அதுவே வால்வு.

அந்த வால்வு எவ்வளவு கூர்மையாக வேலை செய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. துகள் அடுக்கின் வழியே திரவம் பாயும் வேகம், மற்றவை மாறாதிருந்தால், துகள் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. துகள் 8 சதவீதம் சிறுத்தால் ஓட்டம் ஏறக்குறைய 15 சதவீதம் குறையும். ஆனால் 19 விநாடி 35 ஆவதற்கு இது மட்டும் போதாது. மற்றவை மாறாதிருப்பதில்லை என்பதுதான் விஷயம். காப்பிக்கொட்டை உடையும்போது ஒரே அளவில் உடையாது. பெரிய துகள்களோடு மாவு போன்ற பொடியும் சேர்ந்தே விழும். சந்தைக் குறுக்கினால் அந்தப் பொடியின் பங்கு கூடுகிறது. அது பெரிய துகள்களுக்கு இடையே இருக்கும் வழிகளில் போய் அடைத்துக்கொள்கிறது. வழியும் குறுகி, வெற்றிடமும் குறைவதால் ஓட்டம் சட்டென்று படுத்துவிடுகிறது.

கிளிக் கிரைண்டரை வைத்துக்கொண்டு தப்பிக்க ஒரு குறுக்கு வழி உண்டு, தூளின் எடையை மாற்றுவது. 12-ஆம் கிளிக்கிலேயே நின்று, 18-க்குப் பதில் 18.7 கிராம் போட்டேன். வில்லை சற்றுத் தடித்தது; 36 கிராம் இறங்க 25 விநாடி ஆனது, புளிப்பும் அடங்கியது. இதற்கும் எல்லை உண்டு. இன்னும் ஒரு கிராம் கூட்டினால் தூள் மெஷினின் மேல் சல்லடையில் போய் முட்டும். முட்டியதா என்று பார்ப்பது சுலபம்: பிடியைக் கழற்றியதும் வில்லையின் முகத்தில் அந்தச் சல்லடைத் திருகாணியின் அச்சு பதிந்திருக்கும்.

கஃபேயில் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். "மாமா, எங்க கடை கிரைண்டர்ல கிளிக்கே கிடையாது, வந்து பாருங்க" என்றான். மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கழுத்துப்பட்டை. அதைச் சுற்றினால் பள்ளத்தில் விழாமல் வழுவழுவென்று நகர்கிறது. எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். இதைத்தான் ஸ்டெப்லெஸ் என்கிறார்கள். பட்டையின் குறுக்களவு 10 சென்டிமீட்டர், ஒரு சுற்றுக்கு பர் நகர்வது ஒன்றரை மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் நகர்த்துவது ஏறக்குறைய 5 மைக்ரான். என் ஒரு கிளிக்கை அவன் ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறான். அவனுக்கு அது தேவையும்கூட. வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு நாளுக்கு நாள் வெளியேறிக்கொண்டே இருக்கிறது; அதே சந்தில் அரைத்தாலும் நேற்று 28 விநாடி ஓடியது இன்று 25-க்கு வந்துவிடும். அந்த மூன்று விநாடியைப் பிடிக்க ஒரு கிளிக் ரொம்பப் பெரிது.

ஆனால் ஸ்டெப்லெஸ்ஸில் வேறு தொல்லை இருக்கிறது, அதை நானே அவன் கடையில் செய்து காட்டினேன். பட்டையை 2 மில்லிமீட்டர் இறுக்கி ஒரு ஷாட் எடுத்தேன், நேரம் மாறவில்லை. இன்னும் 2 இறுக்கினேன், கொஞ்சம்தான் மாறியது. மூன்றாவது முறையும் இறுக்கியபோது காப்பி சொட்டுச் சொட்டாக விழுந்து நின்றேவிட்டது. "மாமா, முதல் ஷாட்ல நீங்க போட்டது பழைய தூளு" என்றான். அரவை அறையிலும் வழியிலும் முந்தைய அரவையின் சில கிராம் தேங்கி நிற்கும். அளவை மாற்றினால் கொஞ்சம் அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் அடுத்த ஷாட்டை நம்பலாம்.

பழைய இடத்துக்குத் திரும்புவதும் லேசில்லை, எண்ணிப் பார்க்கக் கிளிக் இல்லையே. அவன் பட்டையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருக்கிறான். திருகுப் புரிகளில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும் என்பதால், கோட்டைத் தாண்டித் தளர்த்தி, பிறகு இறுக்கும் பக்கமாகவே கோட்டுக்கு வந்து சேர்கிறான். இறுக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தி வைத்து இறுக்கினால் பற்களுக்கு நடுவே கிடக்கும் கொட்டை சிக்கிக்கொள்ளும்.

வீட்டில் என் கிரைண்டர் மறுபடி 22-க்குப் போய்விட்டது. அரைத்தூக்கத்திலும் விரலால் எண்ணி வைத்துவிடலாம். எஸ்பிரெஸ்ஸோ என்றால் 12, தராசில் 18.7.