உள்ளே போகாத வீக்கம்

நாகர்கோவில் சந்தையில் ஏத்தன் குலை இறக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். வயது 56. வலது தொடையிடுக்கில் ஆறு வருடமாக எலுமிச்சம்பழ அளவு வீக்கம். குலையைத் தூக்கினால் புடைக்கும், படுத்தால் தானாக உள்ளே போய்விடும். இதுதான் குடலிறக்கம், வழக்கில் ஹெர்னியா. அடிவயிற்றுச் சுவர் பலவீனமாகிவிட்ட இடத்தின் வழியாகக் குடல் வெளியே எட்டிப் பார்க்கிறது.

ஒரு நாள் காலை ஐந்து மணிக்குப் படுத்தும் அது உள்ளே போகவில்லை. வாயுப் பிடிப்பு என்று சுக்குக்காப்பி குடித்தார். எட்டு மணிக்கு வாந்தி. மதியத்துக்குள் வயிறு உப்பிவிட்டது, வாயுவும் பிரியவில்லை. குடல் அடைபட்டதன் அடையாளங்கள் இவை.

அதற்குள் வீக்கத்துக்குள்ளே இன்னொன்றும் நடந்திருக்கும். துளையின் விளிம்பு குடலை நெரிக்கும்போது, சுவர் மெல்லிய சிரைகள் முதலில் அடைபடும். தமனி இன்னும் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே போன ரத்தம் திரும்ப வழியில்லாமல் குடல் வீங்கும், வீங்கவீங்க இறுக்கம் கூடும். கடைசியில் தமனியும் நின்று குடல் அழுகத் தொடங்கும். இதற்குச் சில மணி நேரமே போதும். வீக்கம் கல்லாக இறுகுவது, தொட்டாலே உயிர் போவது, தோல் சிவப்பது, காய்ச்சல், நாடி படபடப்பது: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அமுக்கி உள்ளே தள்ளவும் கூடாது. அழுகிய குடல் வயிற்றுக்குள் போய்விட்டால் ஆபத்து இன்னும் பெரிது. வாயு பிரிகிறதே என்று சமாதானப்படவும் முடியாது. குடல் சுவரின் ஒரு பக்கம் மட்டும் சிக்கினால் வழி திறந்திருக்கும், ஆனால் சிக்கிய பகுதி செத்துக்கொண்டிருக்கும்.

இவரை அன்றே மேசையில் ஏற்றினார்கள். இறுக்கத்தை வெட்டி விட்டதும், கருநீலமாக இருந்த குடலை வெதுவெதுப்பான உப்புநீர்த் துணியில் சுற்றிச் சில நிமிடம் காத்திருந்தார்கள். நிறம் திரும்புகிறதா, பளபளப்பு வருகிறதா, புழுப்போல நெளிகிறதா என்று பார்ப்பார்கள். திரும்பாத துண்டை வெட்டி எடுத்து இரு முனைகளையும் தைத்துவிடுவார்கள்.

அப்படியென்றால் ஆறு வருடம் சும்மா இருந்தது தப்பா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. தொந்தரவு இல்லாத, எளிதாக உள்ளே போகும் வீக்கமுள்ள ஆண்களை வட அமெரிக்காவில் ஆய்வு செய்து 2006-இல் முடிவு வெளியிட்டார்கள். காத்திருந்தவர்களில் அவசரமாகச் சிக்கியவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பத்து வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் கடைசியில் அறுவைக்கு வந்தார்கள், பெரும்பாலும் வலி தாங்காமல். குலை சுமப்பவருக்கு அந்த வலி சீக்கிரமே வரும் என்பது என் கணிப்பு.

பெண்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. தொடையிடுக்குக்குச் சற்றுக் கீழே, தொடைப்பக்கத் துளை வழியாகக் குடல் இறங்குவது அவர்களுக்கு ஆண்களைவிட அதிகம். அந்தத் துளை குறுகலானது, அதில் இறங்கும் குடல் எளிதில் நெரிபடும். வெளியே இருந்து பார்த்தால் தொடையிடுக்கு வீக்கமும் தொடைப்பக்க வீக்கமும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் அவர்களுக்குத் தள்ளிப்போடாமல் செய்வார்கள். கைக்குழந்தைகளுக்கும் அப்படித்தான்.