கோடிட்ட இடம் எங்கே விழ வேண்டும்?

ஒரு பத்தியில் சில சொற்களை எடுத்துவிட்டு, அந்த இடங்களை நிரப்பச் சொல்லும் பயிற்சியைக் குளோஸ் என்பார்கள். 1953இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் இந்தப் பெயரை வைத்தார். ஓரத்தில் கொஞ்சம் விட்டுப்போன வட்டத்தையும் மனம் முழு வட்டமாகவே பார்த்துவிடும். அந்த இயல்புக்கு உளவியலில் இருந்த பெயரைச் சுருக்கித்தான் இந்தச் சொல்லை உண்டாக்கினார். ஒரு கட்டுரை படிக்க எளிதா கடினமா என்று அளப்பதுதான் அவர் நோக்கம். மொழித்தேர்வாக இது மாறியது பிறகுதான்.

அவர் வழி எளிது: யோசிக்காமல் ஐந்து சொல்லுக்கு ஒன்று என எண்ணி எடுத்துவிடுவது. இதைத் தமிழில் செய்தால் என்ன ஆகும்? ஒரு சிறு பத்தியில் பார்க்கலாம்.

"மழை நின்றதும் சிறுமி குடையை மடக்கி வாசலில் வைத்தாள். காற்று வேகமாக வீசியதால் அது உருண்டு தெருவுக்குப் போய்விட்டது. அவள் ஓடிப் போய் அதை எடுத்து வந்தாள்."

வழக்கமாக முதல் வாக்கியத்தை முழுதாக விடுவார்கள். பத்தி சிறியது என்பதால் முதல் சொல்லிலிருந்தே எண்ணுகிறேன். போகும் சொற்கள் நான்கு: மடக்கி, வீசியதால், அவள், வந்தாள்.

முதல் இடம்: "சிறுமி குடையை ____ வாசலில் வைத்தாள்." முற்று வினை 'வைத்தாள்' பின்னால் இருக்கிறது, குடையை என்ன செய்தாள் என்பது இன்னும் வரவில்லை. ஆக, இங்கே வினையெச்சம் வர வேண்டும். மடக்கி, விரித்து, எடுத்து, சுருக்கி எல்லாம் தகுதியானவை போலத் தெரிகின்றன. ஆனால் 'குடையை' என்ற சொல்லின் கடைசியைப் பாருங்கள், அங்கே ஒற்று இல்லை. இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். 'சுருக்கி' என்றால் 'குடையைச்' என்று அச்சாகியிருக்க வேண்டும். ஒரு ச் இல்லாததாலேயே அந்தச் சொல் கழிந்துவிடுகிறது. மீதியைப் பொருள்தான் தீர்க்க வேண்டும், அதுவும் முழுதாகத் தீர்க்காது. மழை நின்றதும் குடையை மடக்குவார்கள், சரி. காயட்டும் என்று விரித்தும் வைப்பார்களே!

இதே ஒற்று தேர்வு அமைப்பவருக்குத் தலைவலியும் ஆகும். 'போய்' என்ற சொல்லை எடுத்தால் முன்னால் 'ஓடிப்' நிற்கும். விடை 'ப' வரிசையில் தொடங்குகிறது என்று அந்த ப் சொல்லிவிடுகிறது. ஒற்றை நீக்கினால் தாளில் பிழை வரும். அதனால் ஒற்று நிற்கும் இடத்தை அடுத்துக் கோடு போடாமல் இருப்பதே நல்லது.

மோசமான இடம் கடைசி வாக்கியம்தான். "____ ஓடிப் போய் அதை எடுத்து ____." யார் என்பதை 'அவள்' சொல்லும், 'வந்தாள்' என்பதன் ஆள் விகுதியும் சொல்லும். இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டோம். இப்போது ஒருவர் 'அண்ணன்', 'வந்தான்' என்று எழுதினால் அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? ஒரு கோட்டுக்கான தடயம் இன்னொரு கோட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

சரி, 'வந்தாள்' இருக்கட்டும், 'அவள்' மட்டும் போகட்டும் என்றாலும் பிரச்சினை தீராது. தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். "உடனே ஓடிப் போய் அதை எடுத்து வந்தாள்" என்பதில் ஒரு குறையும் இல்லை. மாறாக 'அவள்' இருந்து 'வந்தாள்' போனால் அது நல்ல கோடு. வந்தாள், வைத்தாள் என்று எது எழுதினாலும் ஆள் விகுதியும் இறந்தகாலமும் கட்டாயம். எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள பொருத்தத்தைச் சோதிப்பதுதான் நோக்கம் என்றால், இரண்டுக்குமே மதிப்பெண் தரலாம்.

எண்ணத் தொடங்கும் இடத்தை மாற்றினாலும் தேர்வே மாறிவிடும். மூன்றாம் சொல்லிலிருந்து எடுத்தால் போவது சிறுமி, காற்று, தெருவுக்குப், அதை. ஒரு வினை கூட இல்லை! எத்தனை சொல்லுக்கு ஒன்று எடுக்கிறோம் என்பதை மாற்றினாலும் தேர்வு அளக்கும் விஷயம் மாறக்கூடும் என்று மொழித்தேர்வு ஆய்வாளர் சார்லஸ் ஆல்டர்சன் 1979இல் எழுதினார். எண்ணி எடுப்பதற்குப் பதிலாக, எதைச் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்து அந்தச் சொல்லை மட்டும் எடுக்கும் முறை அப்புறம் பரவியது.

அப்படித் தேர்ந்தெடுத்த கோடு சரியா என்று பார்க்க, நான் இரண்டு வேலை செய்வேன். விடைக்கான தடயம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவேன். தமிழில் வினை கடைசியில் வருவதால் தடயம் பெரும்பாலும் கோட்டுக்கு வலப்பக்கம்தான் இருக்கும்; கோடு வரை மட்டும் படிப்பவர் அதைத் தவறவிடுவார். பிறகு, தமிழ் நன்றாக வரும் நாலைந்து பேரிடம் தாளைக் கொடுப்பேன். 'மடக்கி' இருந்த இடத்தில் ஒருவர் 'விரித்து' என்று எழுதினால், "மழை நின்றதும், குடை இனித் தேவையில்லை என்று" என முன்னால் நாலு சொல் சேர்ப்பேன், இல்லையென்றால் அந்தக் கோட்டை அழித்துவிடுவேன்.