ஐந்நூறு படங்கள், ஒரே முகம்: Sync பொத்தானை அழுத்தும் முன்

"இந்தப் பெரியவருக்கு நடுவில் உடம்பு ஏதும் சரியில்லாமல் போனதா?" நான் ஒப்படைத்த ஆல்பத்தைப் புரட்டியபடி ஒருவர் இப்படிக் கேட்டார். எதிரெதிர்ப் பக்கங்களில் அந்தப் பெரியவரின் படங்கள் மூன்று இருந்தன. முதல் படத்தில் நல்ல மாநிறம், இரண்டாவதில் மஞ்சள், மூன்றாவதில் சாம்பல் பூசியது போல் ஒரு வெளிறல். மூன்றும் பத்து நிமிட இடைவெளிக்குள் எடுத்தவை. மூன்றுக்கும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் ஒரே பிரீசெட்டைத்தான் போட்டிருந்தேன். கோளாறு அதில்தான் இருந்தது என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

பிரீசெட் என்பது எண்களின் தொகுப்பு. எக்ஸ்போஷர் +0.50 என்று அதில் பதிந்திருந்தால், எந்தப் படத்தில் போட்டாலும் அந்த ஸ்லைடர் +0.50இல் போய் நிற்கும். படம் ஏற்கெனவே வெளிச்சமாக இருக்கிறதா, இருண்டிருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. ஏற்கெனவே இருந்த மதிப்போடு கூட்டுவதுமில்லை, அதை அழித்துவிட்டுத் தன் எண்ணை எழுதும். Sync செய்வதும் இதே வேலைதான்; எண்களைப் பிரீசெட்டிலிருந்து எடுக்காமல் இன்னொரு படத்திலிருந்து எடுக்கிறது, அவ்வளவே. ஆகவே படங்கள் ஒரே வெளிச்சத்தில், கேமராவில் ஒரே அளவுகளில் எடுக்கப்பட்டிருந்தால்தான் ஒரே எண் ஒரே தோற்றத்தைத் தரும். குடும்ப நிகழ்ச்சியில் அப்படி அமைவது அபூர்வம். வாசலில் வெயில், கூடத்தில் ஜன்னல் வெளிச்சத்தோடு பல்பு, மாலையில் ஃபிளாஷ் என்று நாள் முழுக்க ஒளி மாறிக்கொண்டே இருக்கிறது.

அதனால் இப்போது என் பிரீசெட் மெலிந்துவிட்டது. Create Preset பெட்டியில் முதலில் Check None அழுத்திவிட்டு, வெளிச்சத்தோடு சம்பந்தமில்லாதவற்றை மட்டும் குறிக்கிறேன்: வண்ண புரொஃபைல், லென்ஸ் திருத்தம், மென்மையான ஒரு டோன் கர்வ், கூர்மை. எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் அதில் கிடையாது. வாங்கிய பிரீசெட்டுகள் பலவற்றில் இவ்விரண்டும் கலந்தே இருக்கும். சோதிப்பது எளிது. ஒரு படத்தைத் திருத்தி முடித்த பிறகு அதன் மேல் அந்தப் பிரீசெட்டைப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்போஷர் எண்ணோ வண்ண வெப்பநிலை எண்ணோ நகர்ந்தால், அது உங்கள் உழைப்பை அழிக்கும் பிரீசெட். அதோடு, ரா கோப்பில் வெப்பநிலை கெல்வினில் இருக்கும். ஜேபெக்கில் பூஜ்யத்துக்கு இருபுறமும் நகரும் ஒப்பீட்டு எண்ணாக இருக்கும். ஒன்றுக்குச் செய்த ஒயிட் பேலன்ஸ் மற்றதற்கு அப்படியே பொருந்தாது.

மெலிந்த பிரீசெட் என்பதால் பயமின்றி இறக்குமதியின்போதே Apply During Import பகுதியில் அதைக் கொடுத்துவிடலாம். எல்லாப் படங்களும் ஒரே அடித்தளத்தில் வந்து நிற்கும். மற்றவை குழு குழுவாகத்தான்.

சமீபத்திய ஒரு நிகழ்ச்சியில் கழித்தது போக 520 படங்கள் மிஞ்சின. அவற்றை எடுத்த நேரப்படி வரிசைப்படுத்தி, கிரிட் காட்சியில் சிறு படங்களாக ஓடவிட்டேன். வெளிச்சம் மாறும் இடம் கண்ணுக்கே தெரியும். ஐந்து குழுக்கள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் தனித்தனி கலெக்‌ஷனாக்கினேன். ஃபிளாஷ் அடித்தவை இடையிடையே கலந்திருந்தால் மெட்டாடேட்டா வடிகட்டியில் ஃபிளாஷ் நிலையை வைத்துப் பிரித்துவிடலாம். இரண்டு கேமராக்கள் இருந்தால், கடிகாரங்கள் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். நாலு நிமிடம் பிசகினாலே வரிசை குலைந்துபோகும். Edit Capture Time கட்டளையால் ஒரு கேமராவின் நேரத்தை மொத்தமாக நகர்த்தலாம்.

ஐந்தில் தொல்லை பிடித்தது கூடத்துக் குழு, 140 படங்கள். ஒருபக்கம் பெரிய ஜன்னல், மேலே பல்புகள். கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ், சட்டத்துக்குள் யாருடைய உடை என்ன நிறம் என்பதைப் பொறுத்துத் தடுமாறியிருந்தது. 4300இலிருந்து 5200 வரை எண்கள் அலைந்தன. வெளிச்சம் மாறவில்லை, கேமராவின் ஊகம்தான் மாறியது. இங்கேதான் Sync உண்மையாகவே உதவுகிறது.

மாதிரிப் படமாக அழகான படத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கமான தவறு. அந்தக் குழுவின் நடுத்தர வெளிச்சத்தில், முகம் தெளிவாகவும் அருகில் வெள்ளையோ சாம்பலோ ஏதாவது ஒன்றும் தெரிகிற படமே வேண்டும். நான் எடுத்ததில் ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். W விசையை அழுத்தி, சொட்டுக்குழாய்க் குறியால் சட்டையின் வெளுத்துப் போகாத மடிப்பில் தொட்டேன். 4700 வந்தது, முகத்தைப் பார்த்து 4850 ஆக்கினேன். சட்டை சற்று மஞ்சளாக இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள், முகம் நீலம் பாய்ந்தால் எல்லோரும் கவனிப்பார்கள். பிறகு 140 படங்களையும் தேர்ந்தெடுத்து, Sync பெட்டியில் Check None அழுத்தி, ஒயிட் பேலன்ஸை மட்டும் குறித்து அனுப்பினேன்.

எக்ஸ்போஷரை ஏன் சேர்த்து அனுப்பவில்லை? கேமரா துளையளவு முன்னுரிமை முறையில் இருந்தது. ஜன்னல் சட்டத்துக்குள் வந்தபோதெல்லாம் கேமரா மிரண்டு ஷட்டர் வேகத்தைக் கூட்டியிருந்தது. மாதிரிப் படம் 1/125 நொடி, அதற்கு +0.30 தேவைப்பட்டது. அதே துளையளவு, அதே ஐஎஸ்ஓவில் 1/250இல் எடுத்த படம் சரியாக ஒரு ஸ்டாப் இருண்டிருக்கும். அதற்கும் +0.30 கொடுத்தால் இருட்டு இருட்டாகவே கிடக்கும்.

இதற்கு லைட்ரூம் கிளாசிக்கில் Match Total Exposures என்று ஒரு கட்டளை இருக்கிறது. டெவலப் பகுதியின் Settings மெனுவில் மறைவாகக் கிடப்பதால் பலர் இதைத் தொட்டதே இல்லை. மாதிரிப் படத்தை முதன்மையாக வைத்து, மற்றவற்றையும் தேர்ந்தெடுத்து இதை இயக்கினால், ஒவ்வொரு படத்தின் ஷட்டர், துளையளவு, ஐஎஸ்ஓவைப் படித்து வித்தியாசத்தை ஈடுகட்டும். 1/250 படத்துக்கு +1.30, 1/60 படத்துக்கு ஏறக்குறைய -0.70 என்று எண்கள் வெவ்வேறாக வந்தன, தோற்றம் ஒன்றானது. ஆனால் இது கேமராவின் அளவுகளை மட்டும் படிக்கும் கணக்கு. ஒருவர் ஜன்னலருகே நகர்ந்து போனதோ, ஃபிளாஷ் எவ்வளவு ஒளி கொடுத்தது என்பதோ அதற்குத் தெரியாது. ஃபிளாஷ் குழுவில் இதை நான் பயன்படுத்துவதில்லை. கூடத்திலும் ஜன்னலை ஒட்டி நின்றவர்களின் படங்கள் பன்னிரண்டைப் பிறகு கையால் இறக்கினேன்.

இப்படிச் சமன்செய்த பிறகு, மொத்தக் குழுவும் கொஞ்சம் மங்கலாகத் தோன்றினால் என்ன செய்வது? மாதிரிப் படத்தை ஏற்றி மறுபடி Sync செய்தால் +1.30, -0.70 எல்லாம் அழிந்து ஒரே எண்ணாகிவிடும். இந்தப் பள்ளத்தில் நானே இருமுறை விழுந்திருக்கிறேன். லைப்ரரி பகுதியின் Quick Develop அம்புக்குறிகள்தான் இதற்கு வழி. கிரிட் காட்சியில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எக்ஸ்போஷரின் ஒற்றை அம்பை ஒருமுறை அழுத்தினால், ஒவ்வொரு படமும் தன் இப்போதைய மதிப்பிலிருந்து மூன்றில் ஒரு ஸ்டாப் ஏறும். இரட்டை அம்பு என்றால் ஒரு முழு ஸ்டாப். வித்தியாசங்கள் அப்படியே இருக்கும்.

பெரிய விபத்துகள் பெரும்பாலும் எந்தப் படம் முதன்மை என்று பார்க்காததால் வருபவை. பல படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவற்றில் ஒன்றின் சட்டம் மட்டும் கூடுதல் வெளுப்பாக இருக்கும். Sync அதிலிருந்துதான் எண்களை எடுக்கும். ஒருமுறை நான் முடித்த குழுவோடு, கைவைக்காத ஒரு படமும் தேர்வில் சேர்ந்திருந்தது. அதுதான் முதன்மை. சுமார் 80 படங்களின் திருத்தமும் அடுத்த நொடியில் பூஜ்யம். உடனே பார்த்துவிட்டால் Ctrl+Z போதும், மேக்கில் Cmd+Z. மென்பொருளை மூடிவிட்டு மறுநாள்தான் பார்த்தேன் என்பதால் ஒவ்வொரு படத்தின் ஹிஸ்டரி பட்டியலிலும் போய் முந்தைய படியைத் தேட வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் மாதிரிப் படத்தை முதலில் சொடுக்கி, பிறகு Shift பிடித்துக் கடைசிப் படத்தைச் சொடுக்குகிறேன். டெவலப் பகுதியின் நடுவில் பெரிதாகத் தெரியும் படம்தான் முதன்மை. அழுத்தும் முன் அதை ஒரு பார்வை.

ஒரு படத்தில் செய்யும் திருத்தத்தைத் தேர்விலுள்ள மற்றவற்றிலும் உடனுக்குடன் செய்துவிடும் Auto Sync இன்னும் அபாயமானது. அதை அணைக்க மறந்து, ஒருவர் கன்னத்துப் பருவை நீக்கினேன். அந்த வட்டம் தேர்விலிருந்த எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு படத்தில் அந்த இடத்தில் ஒரு குழந்தையின் கண் இருந்தது. புள்ளி நீக்கம், கிராப், மாஸ்க் மூன்றும் படத்தின் இடத்தைச் சார்ந்தவை. பொதுவாக அனுப்பக் கூடாதவை. முக்காலியில் கேமராவை அசைக்காமல் எடுத்த தொடர் குழுப்படங்கள் மட்டும் இதற்கு விலக்கு.

கடைசியாக, ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரே ஆளின் படம் ஒன்றை எடுத்து, ஐந்தையும் தேர்ந்தெடுத்து N விசையை அழுத்துகிறேன். சர்வே காட்சியில் ஐந்து முகங்களும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அந்த நிகழ்ச்சியில் வாசல் முகமும் கூடத்து முகமும் ஒத்துப்போயின. மாலை ஃபிளாஷ் குழு மட்டும் சற்று நீலம் பாய்ந்திருந்தது; வெப்பநிலையை 200 ஏற்றி அந்தக் குழுவுக்கு மட்டும் மறுபடி அனுப்பினேன். வண்ண விளக்குகளின் கீழ் எடுத்த முப்பது படங்களை இந்த வரிசையில் சேர்க்கவேயில்லை. அங்கே முகம் ஊதாவாகத்தான் இருந்தது, ஊதாவாகவே விட்டேன்.