சாட்சிக்கு வேணும் என்று அனுப்பிய படம்

மலையகப் பாடசாலைகளில் உளவளத்துணை வேலை செய்கிறேன். ஒரு பிள்ளையின் அந்தரங்கப் படம் வெளியே போய்விட்டது என்று என்னைத் தேடி வருகிறவர்கள், உட்காருவதற்கு முன்னமே போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டப் பார்ப்பார்கள். "நீங்களே பாருங்க மிஸ், அப்பத்தான் புரியும்." நான் பார்ப்பதில்லை, அனுப்பச் சொல்வதுமில்லை. காரணத்தைச் சொல்ல ஒரு பிள்ளையின் கதையைச் சொல்ல வேண்டும். யாரென்று தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகிற பாதையில் ஒரு தோட்டம். பிள்ளைக்கு 15 வயது. அம்மா வளைகுடாவில் வீட்டுவேலை, அப்பா கொழும்பில் கடையொன்றில். லயத்தில் பாட்டியோடும் சித்தப்பா குடும்பத்தோடும் இருந்தாள். டியூஷனில் பழகிய பையனுக்கு 16. அவன்தான் படம் கேட்டான். "நாலு தடவ வேணாம்னு சொன்னேன் மிஸ். அஞ்சாவது தடவ, என்மேல நம்பிக்கை இல்லையான்னு கேட்டான்" என்றாள் பிறகு.

அவள் முட்டாள்தனமாக எதையும் செய்துவிடவில்லை. வட்ஸ்அப்பில் ஒரு தடவை மட்டும் திறக்கக்கூடிய விதத்தில் படத்தை அனுப்பியிருந்தாள். அப்படி அனுப்பினால் வாங்குகிறவரின் போனில் சேமிக்க முடியாது, ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்க முடியாது. ஆனால் பக்கத்தில் இருக்கிறவன் தன்னுடைய போனால் அந்தத் திரையைப் படம் பிடிப்பதை எந்த ஆப்பாலும் தடுக்க முடியாது. நடந்தது அதுதான். பையன் ஒரு கூட்டாளிக்குத் திறந்து காட்டினான். கூட்டாளி தன் போனில் பிடித்து, அடுத்த நாள் இரவு டியூஷன் குரூப்பில் போட்டான். அந்தக் குரூப்பில் அவளும் இருந்தாள்.

சம்மதம் என்ற சொல்லை நான் வகுப்புகளில் விளக்கும்போது இந்த ஐந்தாவது தடவையைத்தான் சொல்வேன். நாலு முறை மறுத்த பிள்ளை, கோபித்துக்கொள்வானோ, விட்டுப் போய்விடுவானோ என்ற பயத்தில் அனுப்பியதைச் சம்மதம் என்று எடுக்க முடியாது. அப்படியே மனமுவந்து அனுப்பியிருந்தாலும், அது அவன் ஒருவன் பார்ப்பதற்கு. கூட்டாளிக்குத் திறந்து காட்டியபோதே அது மீறப்பட்டுவிட்டது. "நான் ஒரு ஆளுக்குத்தான் காட்டினேன்" என்று அந்தப் பையன் அழுதான். அவன் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு ஆளுக்குக் காட்டவும் யாரும் அவனுக்கு அனுமதி கொடுக்கவில்லை என்பது அவனுக்கு உண்மையிலேயே விளங்கியிருக்கவில்லை.

சட்டம் இன்னும் ஒரு படி மேலே நிற்கிறது. இலங்கையில் பாலுறவுக்குச் சம்மதம் சொல்லும் வயது 16 என்பதால் படத்துக்கும் அதுதான் வயது என்று பல பெற்றோர், சில ஆசிரியர்கள்கூட, நினைக்கிறார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவு 18 வயதுக்குக் குறைந்த எல்லோரையும் பிள்ளை என்றே எடுக்கிறது. பிள்ளையின் ஆபாசமான அல்லது அநாகரிகமான படத்துக்காக அந்தப் பிள்ளையைத் தூண்டுவது, அந்தப் படத்தைப் பகிர்வது, அதைக் கைவசம் வைத்திருப்பது எல்லாமே அதில் குற்றம். தண்டனை 2 முதல் 10 வருடச் சிறை, அதோடு தண்டமும் வரலாம். ஒரே வயதுப் பிள்ளைகள் என்றோ காதலர்கள் என்றோ தனி விலக்கு அந்தப் பிரிவில் இல்லை. பிள்ளையின் சம்மதம் அங்கே கணக்கில் வராது.

"கைவசம் வைத்திருப்பது" என்ற அந்த இரண்டு சொற்களைப் பெரியவர்கள் நின்று வாசிக்க வேண்டும். அந்த இரவு நடந்ததைப் பாருங்கள். குரூப்பில் இருந்த ஒரு பையனின் அம்மா பதறிப்போய் வகுப்பு ஆசிரியைக்கு அனுப்பினார். ஆசிரியை, மேலே சொல்லாமல் விட்டால் பிழை என்று அதிபருக்கு அனுப்பினார். யாரோ ஒருவர் சித்தப்பாவுக்கு அனுப்ப, அவர் குடும்பக் குரூப்பில் போட்டு, "இது நம்ம புள்ளதானா?" என்று கேட்டார். அந்தக் குரூப்பில்தான் வளைகுடாவில் இருக்கிற அம்மாவும் இருந்தார். மகளுக்கு நடந்ததை அவர் தெரிந்துகொண்டது அப்படித்தான். இவர்களில் ஒருவருக்கும் கெட்ட எண்ணமில்லை. ஆனாலும் ஒவ்வொருவர் போனிலும் ஒரு பிரதி கூடியது, சட்டத்தின் கண்ணில் ஒவ்வொருவரும் ஒரு 15 வயதுப் பிள்ளையின் படத்தைப் பகிர்ந்தவர் ஆனார்.

எனக்கு அழைப்பு வந்தபோது இரவு ஒன்பதரை இருக்கும். பேசியது அவளுடைய பெரியம்மா மகள், டவுனில் புடவைக் கடையில் வேலை செய்கிற அக்கா. பின்னால் சித்தப்பாவின் சத்தம் கேட்டது. போனைச் சுவரில் அடிக்கப் போகிறார். "அந்தப் போன உங்க கையில வாங்கி வச்சுக்கங்க" என்று முதலில் சொன்னேன். இரண்டாவதாக, இன்றைக்கு இரவு அவளைத் தனியாகத் தூங்க விட வேண்டாம் என்றேன். "சாகணும்போல இருக்கா" என்று அவளிடம் நேராகவே கேட்கச் சொன்னேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்துவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, சொல்ல ஒரு வழி கிடைத்ததே என்று பிள்ளை மூச்சு விடும். அக்கா கேட்டதும் பிள்ளை ஆமென்று தலையாட்டினாள். தோட்டத்தில் தெளிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐயும் அக்காவுக்குக் கொடுத்தேன். அது இரவிலும் இயங்கும்.

அப்புறம்தான் படத்தின் விஷயம். அக்காவை ஒரு கொப்பித் தாளை எடுக்கச் சொல்லி எழுதவைத்தேன்: குரூப்பின் பெயர், படத்தைப் போட்ட இலக்கம், போட்ட திகதியும் நேரமும், அதற்குப் பிறகு யார் யார் என்ன எழுதினார்கள். படம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம் என்றேன், அதுவும் இன்னொரு பிரதி. எழுத்துகள் மட்டும் தெரியும் இடங்களை எடுக்கலாம். இன்னொன்றையும் பார்க்கச் சொன்னேன். வட்ஸ்அப்பில் ஒருவரிடமிருந்து வந்ததை அப்படியே மற்றவருக்குத் தள்ளிவிட்டால் மேலே சின்ன அம்புக்குறி ஒன்று விழும். ஐந்து பேரைத் தாண்டி வந்திருந்தால் இரட்டை அம்பு. குரூப்பில் வந்த அந்தப் படத்தின் மேல் அம்பே இல்லை. அப்படியென்றால் போட்டவன் தன் போனில் சேமித்திருந்த படத்தையே போட்டிருக்கிறான். இதை வைத்து மட்டும் படம் பிடித்தவனும் அவனே என்று முடிவுகட்ட முடியாது, ஆனால் பொலிஸார் முதலில் எந்தப் போனைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது உதவியது.

அடுத்தது takeitdown.ncmec.org. அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட பிள்ளைகளுக்கான தேசிய நிலையம் 2023இல் தொடங்கிய இலவசச் சேவை. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட படங்களுக்கு எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் கொடுக்கத் தேவையில்லை. படத்தை அங்கே அனுப்புவதில்லை. நம் போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஒரு எண்ணை உருவாக்கி, அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக், ஸ்னப்சாட் போன்ற சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அதே எண்ணுள்ள படத்தைத் தங்கள் தளத்தில் தேடி நீக்கலாம். இந்த எண்ணை எடுக்கப் படம் போனில் இருக்க வேண்டும். சித்தப்பா போனை உடைத்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். பரவிய படமும் அவள் அனுப்பியதும் ஒன்றில்லை, திரையிலிருந்து பிடித்தது வேறு கோப்பு. அதனால் குரூப்பிலிருந்து அவள் போனுக்கே இறங்கியிருந்த பிரதிக்கு எண் எடுத்தோம். அவள்தான் செய்தாள், அக்கா திரையைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தாள். பத்து நிமிடம்.

இதற்கு எல்லை உண்டு. வட்ஸ்அப் மாதிரி, வெளியாள் பார்க்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்ட அரட்டைகளுக்குள் போகிற படத்தை இது கண்டுபிடிக்காது. படத்தை வெட்டினாலோ மேலே எதையாவது எழுதினாலோ எண் மாறிவிடலாம். பொதுத் தளங்களுக்கு ஏறாமல் தடுக்க உதவும், அவ்வளவுதான். அரட்டைக்குள் இருக்கிறதை ஆட்களிடம் பேசித்தான் எடுக்க வேண்டும்.

அதற்காகத்தான் பிறகு டியூஷன் சேருக்கு அழைப்பு எடுத்தேன். அவர்தான் குரூப்பின் அட்மின். அட்மின் யார் போட்டதையும் எல்லோருக்குமாக நீக்க முடியும், ஆனால் நாள்கணக்கில் தாமதித்தால் அந்த வசதி இல்லாமல் போய்விடும். நீக்கும்போது அவள் போனில் இருந்த பிரதியும் போய்விடலாம் என்பதால்தான் எண் எடுத்து முடியும்வரை காத்திருந்தோம். சேர் அன்றிரவே நீக்கினார். நீக்கினாலும் ஏற்கனவே தனியாகச் சேமித்தவர்களின் போனிலிருந்து போகாது. ஆகவே, இந்தப் படத்தை வைத்திருப்பதே குற்றம், அழியுங்கள் என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். பிள்ளையின் பெயர் அதில் இல்லை.

காலையில் 1929க்கு அழைத்தோம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது, தமிழில் பேசலாம். பிறகு பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் மகளிர் பிரிவு. கொண்டுபோனது அந்தக் கொப்பித் தாளையும் பிள்ளையின் போனையும்தான். படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கடித உறையில் போட்டுக் கொண்டுவந்த பெற்றோரை நான் கண்டிருக்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள். உத்தியோகத்தர் போனைச் சாட்சியாக எடுத்தால் அதற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு கேளுங்கள். நம் பக்கத்தில் அடிக்கடி சறுக்குகிற இடம் வாக்குமூலம். பிள்ளை தமிழில் சொல்ல, சிங்களத்தில் எழுதப்பட்டு, கையெழுத்து வாங்கப்படும். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. தமிழ் தெரிந்தவர் அங்கே இல்லையென்றால், எழுதியதை வரிவரியாக மொழிபெயர்த்து வாசித்துக்காட்டிய பிறகு மட்டும் கையெழுத்து வையுங்கள். இந்தப் பிள்ளையின் வாக்குமூலத்தில் "அனுப்பினாள்" என்று மட்டும் இருந்தது, நாலு தடவை மறுத்தது விடுபட்டிருந்தது. வாசித்துக்காட்டியதால்தான் சேர்க்க முடிந்தது.

சித்தப்பா என்னைப் பார்க்க வந்தது ஐந்தாம் நாள். போனை நீட்டினார், இந்தத் தடவை படத்தைக் காட்டுவதற்காக இல்லை. "குடும்பக் குரூப்புல நான் போட்டத எப்படி எடுக்கிறது மிஸ்?" வட்ஸ்அப்பில் நாம் போட்டதை எல்லோருக்குமாக அழிக்க ஏறக்குறைய இரண்டரை நாள்தான் அவகாசம். அது தாண்டிவிட்டது. தன் திரையிலிருந்து மட்டும்தான் இனி அவரால் அழிக்க முடியும். குரூப்பில் பதினொரு பேர். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தார். கண்டியில் இருந்த மச்சானுக்கு, திருப்பூருக்குப் போன பெரியப்பாவுக்கு, கடைசியாக வளைகுடாவில் இருக்கிற அண்ணிக்கு. ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள்: "அந்தப் படத்த அழிச்சிருங்க. நான்தான் போட்டேன், போட்டிருக்கக் கூடாது." அண்ணியிடம் மட்டும் அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் எடுத்தது.