"நாலு பேர்" யார் என்று எழுதச் சொன்னேன்

திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அப்பா, என் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, அரை மணி நேரத்துக்குள் ஒன்பது தடவை "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்றார். எண்ணிக்கொண்டிருப்பது என் தொழில் புத்தி. ஒன்பதாவது தடவை ஒரு தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தி, "அந்த நாலு பேர் பேரை எழுதுங்கண்ணே" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் எழுத ஆரம்பித்தார். ஏழு பெயர்கள் வந்தன.

மதுரையில் 14 வருடங்களாகக் குடும்பநல ஆலோசகராக இருக்கிறேன். வேறு சாதியில், வேறு மதத்தில் துணை தேடிக்கொண்ட பிள்ளைகளின் வீடுகள் மாதத்துக்கு இரண்டு மூன்றாவது என்னிடம் வரும். அதில் ஒரு வீட்டை மட்டும் இங்கே சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பெண்ணுக்கு 27 வயது, சென்னையில் வேலை. பையன் திண்டுக்கல் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம், பள்ளி ஆசிரியர். நான்கு வருடப் பழக்கம். இவள் அதை வீட்டில் சொன்ன விதம்தான் முதல் கோளாறு. பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா சொன்ன அன்று, ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். விடிவதற்குள் அப்பாவுக்குத் தெரிந்தது, மதியத்துக்குள் தாய்மாமன் வந்துவிட்டார். பெற்றோர் முதலில் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. வரன் வருவதற்கு முந்தின நாள் சொன்னால், வந்த செய்தி காதலா, அவமானமா என்று அவர்களால் பிரித்துப் பார்க்க முடியாது. பெண் பார்க்கும் பேச்சே எழாத ஒரு சாதாரண மாதத்தில், வீட்டில் ஒரே ஒருவரிடம், நேரில் சொல்வது எவ்வளவோ மேல். பெரும்பாலும் அந்த ஒருவர் அம்மாவாக இருக்கமாட்டார். அம்மா அன்றிரவே அப்பாவிடம் சொல்லியாக வேண்டிய நிலையில் இருப்பார். இந்த வீட்டில் சித்தி இருந்தார். என்னிடம் கூட்டிவந்ததும் அவர்தான்.

பெற்றோரைப் பார்ப்பதற்கு முன் பெண்ணிடம் தனியாகப் பேசினேன். இதைச் செய்யாமல் நான் எந்தக் குடும்பத்திலும் பேச்சுவார்த்தையைத் தொடங்குவதில்லை. உன்னையோ அந்தப் பையனையோ ஏதாவது செய்துவிடுவோம் என்று யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா? சான்றிதழ், ஆதார், வங்கி அட்டை, போன் எல்லாம் உன் கையில் இருக்கிறதா? நினைத்தால் வேலைக்குத் திரும்பிப் போக முடியுமா? வீட்டுக்குள் பேசுகிறார்களா, பங்காளிகளைக் கூட்டி வெளியே பேசுகிறார்களா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். கோபப்பட்டுக் கத்துகிற அப்பாவைக் கண்டு நான் அவ்வளவு பயப்படமாட்டேன். பேச்சு வீட்டுத் திண்ணையை விட்டு வெளியே போய், அப்பா திடீரென்று அமைதியாகி, "ஊருக்கு வாம்மா, நல்லபடியா பேசி முடிச்சுக்கலாம்" என்று குழைந்தால்தான் பயம். கௌரவக் கொலை வழக்குகளில் இப்படி இனிக்கப் பேசி வரவழைத்த கதை திரும்பத் திரும்ப வருகிறது. அந்த அறிகுறி தெரிந்தால் ஆலோசனை மேசையை மடித்து வைத்துவிட வேண்டியதுதான். அது காவல் துறைக்கும் வக்கீலுக்கும் உரிய வேலை. மிரட்டப்படும் தம்பதியரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டிருக்கிறது. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181.

இன்னொரு மிரட்டலும் உண்டு. "நீ போனா நான் மருந்தைக் குடிச்சிருவேன்" என்பது. பிள்ளைகள் இதை நாடகம் என்கிறார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. இந்த அம்மாவும் சொல்லியிருந்தார். தோட்டத்துப் பூச்சிமருந்தைச் சித்தி வீட்டுக்கு மாற்றச் சொன்னேன், ராத்திரியில் அம்மாவைத் தனியாக விடாமல் ஒருவர் கூடப் படுக்கச் சொன்னேன். 14416 என்ற மனநல உதவி எண்ணையும் சித்தியின் போனில் ஏற்றிக்கொடுத்தேன்.

இந்த வீட்டில் பெண்ணுக்கோ பையனுக்கோ உயிர் மிரட்டல் இல்லை. பெண் தன் பொருள்களோடு சென்னைக்குத் திரும்பிவிட்டாள். அதன் பிறகுதான் அப்பாவைத் தனியாக அழைத்தேன், தாள் நகர்ந்தது.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரில், "இவர் என்ன சொல்வார்" என்று நான் எழுதச் சொல்லவில்லை. "இவர் முகம் திருப்பினால் உங்களுக்கு என்ன போகும்" என்று எழுதச் சொன்னேன். முதல் பெயர் அவருடைய அண்ணன். இருவருக்கும் நடுவில் இன்னும் பாகம் பிரிக்காத ஒன்றரை ஏக்கர். இரண்டாவது மைத்துனர், அதாவது அந்தத் தாய்மாமன். அவர் மகனுக்குத்தான் இளைய பெண்ணைக் கொடுப்பதாகப் பேச்சு. மூன்று பெயர்கள் குலசாமி கோயில் பங்காளிகள். மாசிக் களரித் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்கும்போது இவர் வீட்டு வரியை வாங்காமல் விட்டுவிட்டால்? வரி வாங்காத வீடு அந்தக் கணக்கில் இல்லாத வீடு. வெளியூர்க்காரர்களுக்கு இது சில நூறு ரூபாய் விஷயமாகத் தெரியும். ஆறாவது, பக்கத்துக் கடைக்காரர். ஏழாவது பெயரை எழுதிவிட்டு அதற்கு எதிரில் ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தார்.

அடுத்த முறை வந்தபோதுதான் அந்த இடம் நிரம்பியது. அந்த ஏழாமவர் கல்யாணத்துக்கு இவர் ஐம்பதாயிரம் மொய் செய்திருக்கிறார். அவர் மட்டுமில்லை, பத்து வருடமாக இவர் ஊரெல்லாம் செய்த மொய் நாலு லட்சத்தைத் தொடும். மூத்த பெண் கல்யாணத்தில் அது திரும்பி வரும் என்ற கணக்கில் இளைய பெண் கல்யாணம் நிற்கிறது. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தால் மொய் எழுத மேசை ஏது? இதை ஒரு தகப்பன் மகளிடம் சொல்ல முடியாது. காசுக்காகத் தடுக்கிறார் என்று ஆகிவிடும். அதனால் "நம்ம மதம் என்ன, அவங்க மதம் என்ன" என்று பேசிக்கொண்டிருந்தார். மகளோ அதற்குப் பதிலாக அரசியல் சட்டத்தையும் எல்லா மதமும் ஒன்று என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசியிருக்கிறார்கள்.

அம்மாவின் எதிர்ப்பு வேறு இடத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் கிறித்தவர்களை வேதக்காரர்கள் என்பார்கள். "வேதக்காரங்களா இருக்கட்டும், முன்னாடி அவங்க யாரு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். மதம் மாறுவதற்கு முன் என்ன சாதி என்பதுதான் கேள்வி. மதம் காரணம் என்று வருகிற வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வி அடியில் கிடக்கிறது. நான் அதற்குப் பதில் சொல்வதில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றும் சொல்வதில்லை. "பதில் எதுவாக இருந்தால் சம்மதிப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எதுவா இருந்தாலும் எங்க அண்ணன் ஒத்துக்க மாட்டார்" என்றார். பட்டியலின் இரண்டாவது பெயர்.

இதற்கிடையில் பெண்ணையும் பையனையும் உட்கார வைத்து மூன்று விஷயங்களை முடிவு செய்யச் சொன்னேன்: யாராவது மதம் மாறுகிறார்களா, பிள்ளைகளுக்குப் பெயரும் வழிபாடும் எப்படி, கல்யாணம் எங்கே. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். காதலர்களுக்கு அது பெருந்தன்மை. பெற்றோருக்கு அது, மகளை மாற்றப்போகிறார்கள், மறைக்கிறாள் என்று கேட்கும். வேறொரு வீட்டில் இது முடிவாகும் முன்பே பையனை நேரில் கூட்டிவரச் சொல்லி நான் மாட்டிக்கொண்டதுண்டு. "எங்க பொண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுப்பீங்களா?" என்று அப்பா கேட்க, பையன் தன் அம்மாவை நினைத்துத் திணறினான். அந்த அரை நிமிடத் திணறலைச் சரிசெய்ய ஏழு மாதம் ஆனது.

இங்கே பையன் தன் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தான். கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க மதம் மாற்ற வேண்டியதில்லை, ஆயரின் சிறப்பு அனுமதி போதும். ஆனால் பிள்ளைகளைத் திருச்சபையில் வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று கத்தோலிக்கர் வாக்குக் கொடுக்க வேண்டும், மற்றவருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும். அந்த வாக்குதான் பெண்ணுக்கு உறுத்தியது. கடைசியில் கோயிலும் வேண்டாம், தேவாலயமும் வேண்டாம், 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் என்று முடிவெடுத்தார்கள். பையனின் அம்மா அதற்கு அழுதார். அதையும் இந்தப் பெற்றோரிடம் மறைக்காமல் சொன்னோம். இழப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை என்று தெரிந்ததும் அப்பாவின் குரல் கொஞ்சம் தணிந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு விஷயத்தைத் தம்பதியர் கவனிப்பதில்லை. இருவரில் ஒருவராவது 30 நாள் வசித்திருக்கும் மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், ஆட்சேபத்துக்கு 30 நாள் அவகாசம். வயது, ஏற்கெனவே உயிரோடிருக்கும் துணை, மனநிலை, தடைசெய்யப்பட்ட உறவுமுறை ஆகியவற்றைத் தவிர வேறு எதுவும் ஆட்சேபமாக நிற்காது. பெற்றோர் சம்மதிக்கவில்லை என்பதும் நிற்காது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் செய்தி ஊருக்குப் போய்விடலாம். பெற்றோருக்குத் தெரியுமுன் பலகை வழியாக அண்ணனுக்குத் தெரிந்தால் அதுவரை பேசியதெல்லாம் வீண். அதனால் அப்பாவிடம் தேதியை முன்கூட்டியே சொன்னாள். "அன்னைக்கு அறிவிப்பு கொடுக்கப் போறேன்ப்பா. நீங்க பெரியப்பாகிட்ட சொல்றதுக்கு மூணு வாரம் இருக்கு." அனுமதி கேட்டதாகவும் இல்லை, முகத்தில் அடித்ததாகவும் இல்லை.

மூன்று வாரத்தில் அவர் அண்ணனிடம் சொன்னார், ஒன்றரை ஏக்கரைப் பாகம் பிரிக்கவும் கேட்டார். அண்ணன் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். மொய்க்கு நான் வழி சொல்லவில்லை, சித்திதான் சொன்னார்: பதிவு சென்னையில் முடியட்டும், கொஞ்ச நாள் கழித்து வீட்டு வாசலில் பந்தல் போட்டு இல்ல விழா என்று பத்திரிகை அடிக்கலாம். அடித்தார்கள். நாலு லட்சத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பங்காளிகள் ரெண்டு மாதம் பேசிவிட்டு அந்த வருடக் களரிக்கு வரி வாங்கிக்கொண்டார்கள்.

தாய்மாமன் வரவில்லை, இளையவளுக்குப் பேசியிருந்த சம்பந்தத்தையும் முறித்துக்கொண்டார். இவ்வளவு நாளும் அப்பா அம்மா இருவரும் எதற்காகப் பயந்தார்களோ அதே நடந்தது. அந்தப் பெண்ணை அப்போதுதான் முதன்முதலாக என்னிடம் கூட்டிவந்தார்கள், மனசு உடைந்திருப்பாள் என்று. அவளுக்கு 22 வயது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"மாமா பையனைக் கட்டிக்கிறேன்னு நான் எப்ப மேடம் சொன்னேன்?" என்றாள்.