61-ஆவது தவணை: தொகையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா?

வீட்டுக் கடனில் ஒரு பெரிய தொகையை முன்கூட்டியே கட்ட வருபவர்களிடம் வங்கி ஒரு விண்ணப்பத்தை நீட்டும். மாதத் தவணையைக் குறைக்க வேண்டுமா, தவணைக்காலத்தைக் குறைக்க வேண்டுமா என்று அதில் இரண்டு கட்டங்கள் இருக்கும். பெரும்பாலோர் கவுண்டரில் நின்றபடியே ஏதாவது ஒன்றில் டிக் அடித்துவிட்டு, பல மாதங்கள் கழித்து என்னிடம் வந்து, செய்தது சரிதானா என்று கேட்கிறார்கள். வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது கடன் ஆலோசனை மட்டும் செய்துவரும் நான், இந்தக் கேள்விக்குத் தவணை அட்டவணையைப் பார்க்காமல் பதில் சொல்வதில்லை.

அண்மையில் வந்த ஒருவருக்கு வயது 43, தனியார் நிறுவன வேலை, 58 வயதில் ஓய்வு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடனை 9 சதவீத வட்டியில், 20 ஆண்டுத் தவணையில் வாங்கியிருந்தார். மாதத் தவணை 26,992 ரூபாய். பூர்வீக நிலத்தில் தன் பங்காக வந்த பணத்திலிருந்து 5 லட்சத்தைக் கடனில் கட்ட முடிவு செய்திருந்தார். அறுபது தவணைகளில் 16 லட்சத்துக்கும் மேல் கட்டியிருந்தும், அசல் 30 லட்சத்திலிருந்து 26,61,212 ரூபாய்க்குத்தான் இறங்கியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

5 லட்சத்தைக் கட்டியவுடன் அசல் 21,61,212 ஆகிறது. இதற்கு மேல் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தாலும் அடுத்த மாத வட்டி ஒன்றுதான்: 16,209 ரூபாய். பணம் கட்டாமல் இருந்திருந்தால் அது 19,959 ஆக இருந்திருக்கும். அதாவது, அந்த 5 லட்சம் அடுத்த மாதத்தில் மிச்சப்படுத்திக் கொடுக்கும் 3,750 ரூபாய் வட்டி இரண்டு வழியிலும் சமமாகவே கிடைக்கிறது. "காலத்தைக் குறைத்தால் வங்கி வட்டியைக் குறைவாகப் போடும்" என்று பலர் நம்புவதற்கு அட்டவணையில் ஆதாரம் இல்லை.

வேறுபாடு, அதே 61-ஆவது தவணையில் அசலுக்குப் போகும் தொகையில் இருக்கிறது. காலத்தைக் குறைப்பவர் பழைய 26,992 ரூபாயையே கட்டுவதால், வட்டி போக 10,783 ரூபாய் அசலில் கழிகிறது. தவணையைக் குறைப்பவருக்கு மீதமுள்ள 180 மாதங்களுக்கான புதிய தவணை 21,920 ரூபாய்; வட்டி போக அசலில் கழிவது 5,711 ரூபாய் மட்டுமே. அந்த 5 லட்சத்தைக் கட்டாமலே இருந்திருந்தால்கூட அந்த மாதம் 7,033 ரூபாய் அசல் கழிந்திருக்கும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 5 லட்சம் கட்டிய பிறகு அவர் முன்னைவிட மெதுவாக அசலைத் தீர்க்கிறார். தவணையில் குறைந்த ஐயாயிரத்துச் சொச்சத்தில் 3,750 ரூபாய்தான் உண்மையில் வட்டி குறைந்ததால் வந்தது. மீதி சுமார் 1,320 ரூபாய், அசலைத் தள்ளிப்போட்டதால் வந்தது.

முழு அட்டவணையையும் ஓட்டிப் பார்த்தால், பழைய தவணையையே தொடர்ந்தால் கடன் 123 தவணைகளில் முடிகிறது. கடைசித் தவணை 21,700 ரூபாய் அளவில் சிறியதாக இருக்கும். அந்தக் காலத்தில் கட்டும் வட்டி ஏறத்தாழ 11.53 லட்சம். தவணையைக் குறைத்து 180 மாதங்களும் கட்டினால் வட்டி 17.84 லட்சம். வித்தியாசம் சுமார் 6.31 லட்சம். கணினி வைத்திருப்பவர்கள் இதை எக்செல்லில் இரண்டு வரிகளில் தாங்களே சரிபார்க்கலாம், முதல் வரி மீதித் தவணைகளின் எண்ணிக்கையையும் (122.8 என்று வரும்), இரண்டாவது வரி புதிய தவணைத் தொகையையும் தரும்.

```
=NPER(0.09/12,-26992,2161212)
=PMT(0.09/12,180,-2161212)
```

இந்த 6.31 லட்சத்தைக் காட்டி "காலத்தைக் குறைப்பதே எப்போதும் புத்திசாலித்தனம்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது பாதிக் கணக்குதான். தவணையைக் குறைத்தவர் கையில் 122 மாதங்களுக்கு மாதம் 5,071 ரூபாய் கூடுதலாக இருந்திருக்கிறது; அது மொத்தம் 6.19 லட்சம். அதற்குப் பிறகு, மற்றவர் கடனை முடித்துவிட்டு நிற்கும்போது, இவர் இன்னும் 57 மாதங்களுக்கு 21,920 ரூபாய் கட்டுகிறார். அது ஏறத்தாழ 12.5 லட்சம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 6.31 லட்சம். மாதாமாதம் மிஞ்சிய 5,071 ரூபாயை அவர் என்ன செய்தார் என்று தெரியாமல் அவர் நஷ்டப்பட்டார் என்று சொல்ல முடியாது. அதை 9 சதவீதத்துக்கும் மேல் வட்டி ஓடும் வேறு கடனைத் தீர்க்கப் பயன்படுத்தியிருந்தால் அவருக்கு லாபமே. (அப்படி ஒரு தனிநபர் கடன் இருந்தால் அந்த 5 லட்சத்தையே முதலில் அங்கே கட்டியிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.) அதைவிடக் குறைந்த வட்டி தரும் தொடர் வைப்பில் போட்டிருந்தால் சற்று நஷ்டம். மளிகையிலும் பெட்ரோலிலும் கரைந்திருந்தால் முழு நஷ்டம். என் அனுபவத்தில் கரைந்துபோவதுதான் அதிகம்.

வட்டி விகிதம் மாறும் கடன்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியபோது, பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டின. நம்மவரின் 9 சதவீதம் 11 ஆக உயர்ந்து, தவணை மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மாத வட்டி 19,811 ரூபாய். 26,992 கட்டுபவருக்குக் கடன் 123 மாதத்திலிருந்து 146 மாதமாக நீளும். 21,920 கட்டுபவருக்கோ அசலுக்குப் போவது 2,109 ரூபாயாகச் சுருங்கி, 180 மாதம் 257 மாதமாக நீளும். ஓய்வு வயதைத் தாண்டி ஆறு ஆண்டுகளுக்கும் மேல் கடன் ஓடும். குறைந்த தவணை பாதுகாப்பானது என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. வட்டியைவிடச் சற்றே அதிகமாக இருக்கும் தவணைதான் விகித உயர்வில் முதலில் அடிபடுகிறது. 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, விகிதம் மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கடன் வாங்கியவருக்குத் தருகிறது. விகிதம் மாறுவதாக வங்கியிடமிருந்து கடிதம் வரும்போது பதில் எழுதாமல் விடக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் அவருக்கு நான் தவணையைக் குறைக்கவே சொன்னேன். கையில் வருவது 62,000 ரூபாய். அதில் 27,000 கடனுக்குப் போகிறது. அவசரத்துக்கென்று ஒரு மாதச் செலவுக்கான சேமிப்புகூட இல்லை. மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். இரண்டு ஆண்டுகளில் கல்லூரிக் கட்டணம் தொடங்கும். காலத்தைக் குறைத்துவிட்டால் அந்த 26,992 கட்டாயமாகிவிடும். பின்னர் நெருக்கடி வந்து காலத்தை மீண்டும் நீட்ட வேண்டுமானால் வங்கியிடம் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். வேலைக்கு ஆபத்து வந்திருக்கும் நேரத்தில் அந்த ஒப்புதல் எளிதில் கிடைக்காது. தவணையைக் குறைத்துவிட்டு, மாதம் தவறாமல் 5,000 ரூபாயைக் கூடுதலாக அசலில் கட்டினால், கடன் 124 தவணைகளில் முடிந்துவிடும். காலத்தைக் குறைத்தவரைவிட ஒரே ஒரு மாதம் அதிகம். கட்டணம் கட்டும் மாதத்தில் அந்த 5,000 ரூபாயை நிறுத்திக்கொண்டால் யாரும் கேட்கப்போவதில்லை. தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனில் முன்கூட்டியே கட்டுவதற்கு அபராதக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே சிறிய தொகைகளாக அடிக்கடி கட்டுவதிலும் செலவு இல்லை. வங்கிக்கு வங்கி குறைந்தபட்சத் தொகை வேறுபடலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இதே ஆளுக்கு ஆறு மாதச் சேமிப்பும் மனைவிக்கு ஒரு நிலையான சம்பளமும் இருந்திருந்தால், தயங்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பேன். ஏனென்றால் தானாக 5,000 கட்டும் ஒழுங்கு எல்லோருக்கும் இரண்டாவது தீபாவளி வரை தாங்குவதில்லை.

அவர் வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்து, தவணைத் தேதியன்றே 5,000 ரூபாய் கடன் கணக்குக்குப் போகும்படி செய்தார். மூன்று மாதம் கழித்துக் கணக்கு அறிக்கையை எடுத்து வரச் சொன்னேன். அறிக்கையின் கடைசி அசல் 21,43,949 ரூபாய் என்று இருந்தது. இது புதிய அட்டவணையில் மூன்று தவணைகள் மட்டும் கட்டினால் வரும் எண். 15,000 ரூபாயும் அசலில் கழிந்திருந்தால் 21,28,836 என்று இருந்திருக்க வேண்டும். பணம் கணக்கில் வந்திருந்தது. ஆனால் வருங்காலத் தவணைக்கான முன்பணமாக, வட்டியையும் குறைக்காமல் தனியாகக் கிடந்தது. கூடுதல் தொகை எதற்கு என்று சொல்லாமல் அனுப்பும்போது நேரும் கோளாறு இது. வரவு வந்ததற்கான குறுஞ்செய்தியைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அசல் இருப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

கிளைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார்: கூடுதலாக வரும் தொகையை அந்தந்தத் தேதியிலேயே அசலில் கழிக்க வேண்டும், ஏற்கெனவே வந்த மூன்று தொகைகளையும் அவை வந்த தேதிகளிலிருந்தே கணக்கிட வேண்டும், திருத்திய தவணை அட்டவணையை வழங்க வேண்டும் என்று மூன்றே கோரிக்கைகள். பெறப்பட்டதற்கான முத்திரையுடன் நகலை வாங்கிக்கொண்டார். பத்து நாள்களில் வந்த புதிய அட்டவணையில் அசல் 21,28,836 என்றே இருந்தது.