மெலிவுப் பிறழ்ச்சி: சொல்லும் பொருளும்

ஆங்கிலப் புள்ளியியல் நூல்களில் 'அட்டெனுவேஷன் பயஸ்' என்று ஒரு சொல் வரும். விளக்க மாறியை அளப்பதில் தற்செயல் பிழை நேர்ந்தால், அந்த மாறிக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியும். அந்தக் குறைவுக்குத்தான் இந்தப் பெயர். 'டெனுயிஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு மெல்லியது என்று பொருள். அதிலிருந்து பிறந்த வினைக்கு மெலியச் செய்தல் என்று பொருள். புள்ளியியலில் இந்தக் கருத்தை வேரூன்றச் செய்தவர் சார்ல்ஸ் ஸ்பியர்மன். பிழையோடு அளந்தவற்றிலிருந்து உண்மையான உடன்தொடர்பை மீட்கும் வழியை அவர் 1904-இல் எழுதினார்.

தமிழில் 'மெலிவு' இதற்கு அப்படியே பொருந்துகிறது. செய்யுள் விகாரங்களில் 'மெலித்தல்' உண்டு: வல்லெழுத்து தன் இன மெல்லெழுத்தாகிவிடும், சொல் மட்டும் அதே சொல்தான். இங்கும் தொடர்பு திசை மாறுவதில்லை, வலிமைதான் குறைகிறது. 'பயஸ்' என்பதைச் சிலர் 'சாய்வு' என்று எழுதுகிறார்கள். கோட்டின் சரிவுக்கும் அதுவே பெயர் என்பதால், 'சாய்வின் சாய்வு' என்று எழுத நேர்ந்து வாசகர் திணறுவார். ஆகவே மெலிவுப் பிறழ்ச்சி என்பதே என் தேர்வு.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 45 முதல் 50 சென்டிமீட்டர் வந்தபின் பால்மரத்தின் பட்டையைப் பாலுக்காக வெட்டத் தொடங்குவது வழக்கம். பருத்த மரம் கூடுதலாகப் பால் தருகிறதா, எவ்வளவு கூடுதலாக என்பது நம் கேள்வி. நாடாவைச் சுற்றிப் பார்த்தவர்களுக்குச் சிக்கல் தெரியும். பட்டையில் பழைய வெட்டுத் தழும்பு புடைத்திருக்கும், உறைந்த பால் ஒட்டியிருக்கும், சரிவான நிலத்தில் எந்த உயரத்தில் நாடாவை வைப்பது என்பதே ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு 58 வரும் மரம் அடுத்தவருக்கு 62 வரும்.

விளைவைப் பார்க்க, உண்மை நமக்கே தெரிந்த ஒரு தோட்டத்தைக் கணினியில் R மொழியில் உருவாக்குவோம். எண்கள் என் கற்பனை. சுற்றளவின் சராசரி 60, திட்ட விலக்கம் 6. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு வெட்டில் அரை கிராம் உலர் ரப்பர் கூடுகிறது.

```r
set.seed(1)
n <- 10000
x <- rnorm(n, 60, 6)
y <- 10 + 0.5*x + rnorm(n, 0, 5)
for (s in c(0, 3, 6)) {
  w <- x + rnorm(n, 0, s)
  print(coef(lm(y ~ w)))
}
```

`x` உண்மைச் சுற்றளவு, `w` நாடா காட்டியது, `s` நாடாப் பிழையின் திட்ட விலக்கம். பிழை இல்லாதபோது சாய்வு 0.5-ஐ ஒட்டி வரும். பிழை 3 ஆனால் 0.4, பிழை 6 ஆனால் 0.25. அதே மரங்கள், அதே பால்!

காரணம் இதுதான். நாடாவில் 75 என்று வந்த மரங்களில் பல, உண்மையில் 70-ஐ ஒட்டியவை. பிழை அவற்றை மேலே தள்ளியிருக்கிறது. அவை 70-க்கு உரிய பாலைத்தான் தரும். கீழ்முனையிலும் இதற்கு எதிராக நடக்கிறது. புள்ளிகள் பக்கவாட்டில் விரிய, கோடு படுத்துவிடுகிறது. சாய்வு சுருங்கும் விகிதம், உண்மை மாறுபாட்டை அளந்த மாறுபாட்டால் வகுத்தால் கிடைக்கும். மாறுபாடு என்பது திட்ட விலக்கத்தின் வர்க்கம்; பிழை 3 ஆனபோது 36/(36+9) = 0.8. கோடு செங்குத்து அச்சைத் தொடும் இடமான வெட்டுத்துண்டு அதற்கு ஈடாக உயரும். கடைசி ஓட்டத்தில் 10 இருக்க வேண்டிய இடத்தில் 25 நிற்கும். மரங்களை ஒரு லட்சமாக்கினாலும் சாய்வு 0.25-இலேயே இன்னும் உறுதியாக நிற்கும், 0.5-க்குத் திரும்பாது. பாலை நிறுப்பதில் தற்செயல் பிழை இருந்தாலோ சாய்வு மெலியாது; மதிப்பீட்டின் தடுமாற்றம் மட்டும் கூடும்.

உண்மை தெரியாத நிஜத் தோட்டத்தில் மெலிவை எப்படிக் கண்டுபிடிப்பது? சில மரங்களை, முதல் அளவைப் பார்க்காமல், வேறொருவர் மறுபடி அளக்க வேண்டும். இரு அளவுகளின் வித்தியாசத்தின் மாறுபாடு 18 என்றால், ஒரு நாடாப் பிழையின் மாறுபாடு அதில் பாதி, 9. அளந்த சுற்றளவின் மாறுபாடு 45; எனவே உண்மையானது 36, விகிதம் 0.8. கிடைத்த 0.4-ஐ 0.8-ஆல் வகுத்தால் 0.5 மீள்கிறது.

எல்லா அளவீட்டுப் பிழையும் மெலிவைத் தராது. எல்லா மரத்துக்கும் நாடா 2 சென்டிமீட்டர் கூட்டிக் காட்டினால் கோடு நகருமே தவிர சாய்வு மாறாது. உரக் கணக்கு வேறு வகை: ஏட்டில் மரத்துக்கு 2 கிலோ என்று திட்டமிட்ட அளவு இருக்கும், டின்னில் அள்ளிப் போட்டது அதைச் சுற்றிக் கூடிக் குறையும். உண்மைதான் ஏட்டைச் சுற்றிச் சிதறுகிறது, ஏடு உண்மையைச் சுற்றி அல்ல. பெர்க்சன் பிழை எனப்படும் இதில் நேர்கோட்டின் சாய்வு பிறழாது.

மெலிவு என்ற பெயரை நம்பி 'உண்மை இதைவிடப் பெரியதாகத்தான் இருக்கும்' என்று சொல்ல, கோட்டில் ஒரே விளக்க மாறி இருக்க வேண்டும். மரத்தின் வயதையும் சேர்த்தால் கதை மாறும். வயதும் சுற்றளவும் ஒன்றாகக் கூடுபவை. வயது ஏட்டிலிருந்து பிழையின்றிக் கிடைக்கிறது, சுற்றளவு பிழையோடு கிடைக்கிறது. அப்போது சுற்றளவு இழக்கும் பங்கில் ஒரு பகுதி வயதின் கணக்கில் ஏறி, வயதின் கெழு மெலிவதற்குப் பதில் வீங்கும்.